வெட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டது: ஒரு கூரைத் தகட்டு ஓடரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணம் நகருக்கு வெளியே கலர் கூரைத் தகடு வெட்டிக் கொடுக்கும் ஒரு கடையில் புரட்டாதி மாதக் கடைசியில் நடந்தது இது. அந்தக் கடையில் தகடு அடுக்கி வைத்து விற்பதில்லை. நிறம் பூசிய இரும்புத் தகடு சுருளாக வரும். மெசினில் அதைக் கொழுவி, நீளத்தையும் எண்ணிக்கையையும் பலகையில் அடித்துவிட்டால் தகடு நெளிவு போட்டு, அளவு வந்த இடத்தில் வெட்டுப்பட்டு, வரிசையாக வெளியே வரும். இருபது முப்பது சீற் என்றால் கால் மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். பிழையான நீளம் அடிபட்டிருந்தால் அதே கால் மணி நேரத்துக்குள் எல்லாச் சீற்றும் பிழையாக வெளியே வந்திருக்கும்.

ஓடர் கொடுத்தது இணுவில் பக்கத்து வீடு ஒன்று. பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு, கைமரங்களை வைத்துக்கொண்டு, புது றீப்பை அடித்துத் தகடு போடுவதாகத் திட்டம். வீட்டில் இருப்பவர் தங்கை. பணம் அனுப்புபவர் கனடாவில் இருக்கும் அண்ணன். ஏறி அளந்தவர் ஊர் ஓடாவியார். ஒருவர் அளக்க, இன்னொருவர் சொல்ல, மூன்றாமவர் காசு கட்டும் ஏற்பாடு இது. யாழ்ப்பாணத்தில் இன்று கட்டட வேலைகள் பலவும் இப்படித்தான் நடக்கின்றன. ஐப்பசி மழை தொடங்க முன் கூரையை மூடிவிட வேண்டும் என்ற அவசரமும் எல்லோருக்கும் இருந்தது.

கூரையில் இரண்டு பகுதி. பெரிய வீட்டுக்கு ரோட்டுப் பக்கமும் வளவுப் பக்கமுமாக இரண்டு சரிவு, முகட்டு நீளம் 42 அடி. பின்னுக்குக் குசினியோடு சேர்ந்த ஒற்றைச் சரிவுப் பத்தி, நீளம் 30 அடி.

ஓடர் எடுக்கப்பட்ட விதம்

திங்கட்கிழமை தங்கை தொலைபேசியில் கூப்பிட்டார். ஓடாவியார் சீமெந்துப் பையில் கிழித்த கடதாசியில் எழுதிக் கொடுத்ததை வாசித்தார்: "பதினாலு பத்து, இருபத்திநாலு சீற். எட்டு ஆறு, ஒன்பது சீற். கலர் மெரூன்." கடைப் பையன் ஓடர்க் கொப்பியில் 14.10 × 24, 8.6 × 9, மெரூன் என்று எழுதினார். அன்றே அண்ணன் முற்பணம் போட்டுவிட்டார்.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரே எண்ணைத்தான் கையில் வைத்திருந்தார்கள். கடதாசியிலும் 14.10, கொப்பியிலும் 14.10. ஒருவருக்கும் சந்தேகம் வர இடமில்லை.

பிழை அந்தப் புள்ளியில் இருந்தது. ஓடாவியார் போட்ட புள்ளி அடியையும் அங்குலத்தையும் பிரிக்கும் புள்ளி. 14 அடி 10 அங்குலம் என்பதை அவர் அப்படித்தான் எழுதுவார், அவருக்குத் தொழில் பழக்கியவரும் அப்படித்தான் எழுதியிருப்பார். மெசினுக்கு மில்லிமீற்றரில்தான் நீளம் அடிக்க வேண்டும். கடையில் கல்குலேற்றரில் 14.10 ஐ 304.8 ஆல் பெருக்கினார்கள், 4298 மி.மீ. வந்தது. கல்குலேற்றருக்கு 14.10 உம் 14.1 உம் ஒன்று. உண்மையில் 14 அடி 10 அங்குலம் என்பது 178 அங்குலம், அதாவது 4521 மி.மீ. வித்தியாசம் 223 மி.மீ., ஒன்பது அங்குலத்துக்குச் சற்றுக் குறைய.

இப்படிக் கணக்குப் பார்க்கும் பழக்கம் அந்தக் கடையில் நெடுநாளாக இருந்தும் ஏன் முன்பே பிடிபடவில்லை? பத்தியின் அளவைப் பார்த்தால் விளங்கும். 8.6 என்பதை 304.8 ஆல் பெருக்கினால் 2621 மி.மீ. சரியான 8 அடி 6 அங்குலம் 2591 மி.மீ. தகடு 30 மி.மீ. கூடப் போகும், அவ்வளவுதான். அது பீலிக்குள் கொஞ்சம் நீண்டு நிற்கும், ஒருவரும் கடைக்கு முறைப்பாட்டோடு வரமாட்டார்கள். 1 அங்குலத்திலிருந்து 9 அங்குலம் வரை எந்த அளவை இப்படிப் பிழையாகப் பெருக்கினாலும் தகடு சற்று நீளமாகத்தான் வரும். 9 அங்குலத்தில் கூட அது 46 மி.மீ.தான். 10 உம் 11 உம் வரும்போது மட்டும் திடீரெனக் கட்டையாகும். கூரையில் அரையடி அளவுகள்தான் அதிகம் வரும் என்பதால் பிழை நெடுநாள் ஒளிந்திருந்தது.

223 மி.மீ. குறைந்த தகட்டை ஏற்றியிருந்தால் முகட்டில் பொருந்தி, கீழே பீலியை எட்டாமல் நின்றிருக்கும். மழைத் தண்ணீர் பீலிக்குள் விழாமல் சுவரோடு இறங்கும். கீழே துண்டுத் தகடு சேர்க்கலாம்தான். ஆனால் துண்டு மேல் தகட்டுக்கு அடியில் நன்றாக ஏறி நிற்க வேண்டும், அந்த மூட்டுக்குக் கீழே இன்னொரு றீப்பை வேண்டும், சரிவு முழுக்க ஒரு மூட்டுக்கோடு விழும். புதுக் கூரைக்கு அதை எந்த வீட்டுக்காரரும் ஏற்கமாட்டார்.

எழுத்தில் கேட்ட முதல் முறை

வெட்ட முன் வாடிக்கையாளரிடம் எழுத்தில் உறுதி வாங்கும் வழக்கம் அந்தக் கடையில் சில மாதங்களுக்கு முன்தான் தொடங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை கடையிலிருந்து அண்ணனின் வட்ஸ்அப்புக்கு இப்படி ஒரு செய்தி போனது: "14.10 – 24, 8.6 – 9, மெரூன். சரியா?" சில மணி நேரத்தில் பெருவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

கடைப் பையன் அதை உறுதியாக எடுத்து மெசினுக்குக் கொடுக்கத் தயாரானார். முதலாளி நிறுத்தினார். அவர் சொன்ன காரணம் இரண்டு. பெருவிரல் காட்டியவர் கூரையைக் காணாதவர், அவர் உறுதிப்படுத்தக்கூடியது விலையையும் நிறத்தையும்தான், நீளத்தை அல்ல. அடுத்தது, அந்தப் பெருவிரல் எந்த வரிக்கு என்று சொல்ல முடியாது.

மூன்றாவது காரணம் ஒன்றும் இருந்தது, அது அப்போது ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஆய்வில் முக்கியமானதும் அதுதான். அந்தச் செய்தி வாடிக்கையாளரின் எண்ணை அப்படியே அவரிடம் திருப்பிக் காட்டியது. அதை ஓடாவியாரிடம் காட்டியிருந்தாலும் அவர் "சரி" என்றுதான் சொல்லியிருப்பார், ஏனென்றால் அவர் எழுதியதும் 14.10 தானே. எழுத்தில் உறுதி வாங்கியும் பிழை அப்படியே மெசினுக்குப் போயிருக்கும். அதன்பின் கடையின் கையில் ஒரு ஆதாரம் இருந்திருக்கும், வீட்டின் மேல் கட்டைத் தகடு இருந்திருக்கும்.

தங்கைக்கு இந்தத் தாமதம் பிடிக்கவில்லை. "அண்ணா ஓகே போட்டிட்டார்தானே, பிறகென்ன?" என்று கேட்டார். "அக்கா, அண்ணா கூரையில ஏறிப் பாக்கேல்ல. ஏறி அளந்தவர் ஒருக்காப் பாத்துச் சொல்லட்டும், பிறகு வெட்டுவம்" என்று கடையில் பதில் சொன்னார்கள். மழைக் காலத்தில் ஒரு நாள் தாமதிப்பது வாடிக்கையாளரை வேறு கடைக்கு அனுப்பக்கூடிய முடிவுதான். அப்படியிருந்தும் எடுத்தது சரி என்பது எமது கருத்து.

இரண்டாம் முறை: எண்ணை வேறு வடிவத்தில் எழுதியது

அன்று பின்னேரம் முதலாளி தானே இருந்து புதிதாக ஒரு செய்தி எழுதினார். மெசினில் அடிக்கப்போகும் மில்லிமீற்றர் எண்ணை எடுத்து, அதைத் திரும்ப அடி, அங்குலமாக மாற்றிப் போட்டார். புள்ளி வைக்கவில்லை, சொல்லாக எழுதினார். தங்கைக்கும் ஓடாவியாருக்கும் அனுப்பியது இது:

"ரோட்டுப் பக்கச் சரிவு: முகட்டிலிருந்து பீலி வரை, கைமரத்தின் வழியே, 14 அடி 1¼ அங்குலம் (4298 மி.மீ.). வளவுப் பக்கச் சரிவு: அதே நீளம். பத்தி: 8 அடி 7¼ அங்குலம் (2621 மி.மீ.). ஒவ்வொரு வரிக்கும் நீளத்தை அடி, அங்குலம் என்று சொல் போட்டு நீங்களே திரும்ப எழுதி அனுப்புங்கள். 'ஓகே' மட்டும் வந்தால் வெட்டமாட்டோம். முகட்டு நீளத்தையும் பத்தி நீளத்தையும் அளந்து சொல்லுங்கள், எண்ணிக்கையை நாங்கள் கணக்குப் பார்த்துத் தருகிறோம். வியாழன் காலை 8 மணி வரை மாற்றலாம், அதன் பிறகு மெசின் ஓடும்."

அரை மணி நேரத்தில் ஓடாவியார் கூப்பிட்டார். "தம்பி, இது ஆரின்ர அளவு? நான் குடுத்தது பதினாலு அடி பத்து இஞ்சி. இதில பதினாலு அடி ஒண்டேகால் எண்டு கிடக்கு."

எண் வேறு உடையில் வந்ததால்தான் அவர் கண்ணில் குத்தியது. 14 அடி ஒன்றேகால் அங்குலம் என்பது ரேப் பிடித்தவருக்கு ஒரு இடம், அவர் கை அந்த இடத்தில் நிற்கவில்லை என்று அவருக்குத் தெரியும். கைமரத்தின் வழியே என்று எழுதியிருந்ததும் பயன்பட்டது. கிடையாக அளந்து சரிவு நீளம் என்று கொடுப்பவர்களும் உண்டு, 20 பாகைச் சரிவில் அதுவே 14 அடிக்குக் கிட்டத்தட்ட 11 அங்குலக் குறைவைத் தரும். இந்த ஓடாவியார் அந்தப் பிழையை விடவில்லை.

தொலைபேசியில் சொன்னதோடு கடை நிறுத்தவில்லை. இரு சரிவிலும் இரண்டு ஓரமும் நடுவுமாக மூன்று இடத்தில் அளந்து எழுதி அனுப்பும்படி கேட்டது. பழைய வீடு, மூலைகள் நேராக இருக்கும் என்று நம்ப முடியாது. புதன்கிழமை வந்த அளவுகள் 14 அடி 9¾ அங்குலத்துக்கும் 14 அடி 10½ அங்குலத்துக்கும் இடையில் நின்றன. முக்கால் அங்குல வித்தியாசத்தை முகட்டு மூடி மறைத்துவிடும் என்பதால் எல்லாவற்றுக்கும் 14 அடி 10 அங்குலம், 4521 மி.மீ. என்று முடிவானது. பத்தி 8 அடி 6 அங்குலம், 2591 மி.மீ. என்று திருத்தப்பட்டது. ஓடாவியாருக்குத் தமிழில் தட்டச்சுச் செய்யப் பழக்கமில்லை. அவர் கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைக்க, தங்கை அதைப் படம் எடுத்து அனுப்பினார். அதுவும் எழுத்துதான்.

கொஞ்சம் நீளமாக வெட்டிவிட்டு வீட்டில் வைத்து நறுக்கினால் என்ன என்று பலரும் கேட்பதுண்டு. நிறம் பூசிய தகட்டைக் கிறைண்டரால் அறுத்தால் பறக்கும் சூட்டுத் துகள் பக்கத்துப் பூச்சில் ஒட்டிச் சுடும், சில மழைக்குள் அந்த இடமெல்லாம் துருப் புள்ளி விழும். கத்தரியால் வெட்டலாம், ஆனால் எல்லாச் சீற்றையும் நேராக வெட்ட நாள் போகும். கடல் காற்று அடிக்கும் ஊரில் தகட்டை மெசினில் வெட்டிய விளிம்போடு ஏற்றுவதே நல்லது.

எண்ணிக்கை

ஓடாவியார் ஒரு சரிவுக்கு 12 சீற் என்று கணக்கிட்டிருந்தார். 42 அடி என்பது 12,802 மி.மீ. தகட்டின் முழு அகலம் 1070 மி.மீ. பிரித்தால் 12 க்குள் அடங்குகிறது. ஆனால் பக்கத்துத் தகட்டின் மேல் ஒரு நெளிவு ஏறும்போது 70 மி.மீ. போய்விடும், கூரையை மூடும் அகலம் 1000 மி.மீ.தான். 12 சீற் போட்டால் 12,070 மி.மீ. மட்டுமே மூடும், ஒரு ஓரத்தில் இரண்டரை அடிக்குக் கொஞ்சம் குறைய வெளி விழும். ஆகவே ஒரு சரிவுக்கு 13, இரண்டுக்கும் 26.

இரண்டு சீற் கூடியதும் அண்ணனுக்குச் சந்தேகம் வந்தது. கடை கூட்டி விற்கப் பார்க்கிறது என்று நினைத்தார், அது இயல்புதான். கடையிலிருந்து இரண்டு துண்டுத் தகட்டை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி, ரேப்பை வைத்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். அதன்பின் அவர் 26 என்று எழுதி அனுப்பினார்.

பத்தியில் நடந்தது நேர்மாறு. 30 அடி என்பது 9144 மி.மீ. 9 சீற் போட்டால் 9070 மி.மீ. மூடும், 74 மி.மீ. குறையும். கணக்குப்படி 10 சீற் வேண்டும். மூன்று அங்குலத்துக்காக ஒரு முழுச் சீற்றா என்று கடையே ஓடாவியாரிடம் கேட்டது. அவர் ஓரத்து றீப்பைத் தலைப்பை மூன்று அங்குலம் குறைத்து, ஓரத் தகட்டை உள்ளே தள்ளி அடிப்பதாக எழுதிக் கொடுத்தார். 9 சீற்றோடு முடிந்தது. எண்ணிக்கையைக் கடை கணக்குப் பார்க்க வேண்டும், அந்த எண்ணிக்கை எந்த நீளத்திலிருந்து வந்தது என்பதும் செய்தியில் இருக்க வேண்டும் என்பது இங்கே தெளிவாகத் தெரிந்தது. வெறும் "9 சீற்" என்ற உறுதி மட்டும் இருந்தால், பிறகு ஓரம் குறைந்தது கடையின் பிழையா, றீப்பை குறைக்காததன் பிழையா என்று சொல்ல முடியாமல் போகும்.

நிறம்

மெரூன் என்று தொலைபேசியில் சொன்ன நிறத்துக்குக் கடையில் இரண்டு சுருள் இருந்தது. ஒன்று கருஞ்சிவப்பு, மற்றது செங்கல் நிறத்துக்குக் கிட்டியது. அண்ணன் போனில் பார்த்த படம் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறமாகத் தெரிந்தது. திரையில் பார்த்து நிறத்தை உறுதிப்படுத்துவதில் பொருளில்லை என்பதால் தங்கையைக் கடைக்கு வரச் சொன்னார்கள். புதன்கிழமை அவர் வந்தபோது இரண்டு துண்டையும் வெளியே வெயிலில் வைத்துக் காட்டினார்கள். கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றுபோல் இருந்தவை வெளியே வேறு வேறாகத் தெரிந்தன. அவர் கருஞ்சிவப்பைத் தெரிந்தார். அந்தத் துண்டின் பின்புறத்தில் சுருள் இலக்கத்தை எழுதி, அவர் கையெழுத்து வைத்து, துண்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியை வீட்டுக்குக் கொடுத்தார்கள்.

சுருள் இலக்கம் ஏன்? ஒரே பெயர் கொண்ட நிறம் ஒரு சுருளுக்கும் இன்னொரு சுருளுக்கும் இடையில் நூலளவு மாறும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது, ஒரே கூரையில் பக்கத்தில் கிடந்தால் தெரியும்.

வெட்டியதும் பின் நடந்ததும்

வியாழன் காலை 8 மணிக்கு 26 உம் 9 உம் வெட்டப்பட்டன. முதல் சீற் வெளியே வந்ததும் மெசினை நிறுத்தி ரேப் பிடித்து 4521 பார்த்த பின்பே மிச்சம் ஓடியது. வெள்ளிக்கிழமை லொறியில் போனது. இரண்டு சரிவும் பத்தியும் அளவில் ஒரு குறையில்லாமல் ஏறின.

முகட்டில்தான் பிழை வந்தது. முகட்டு மூடி 8 அடித் துண்டு, அரையடி மேலேற்றம், 42 அடிக்கு 6 துண்டு. ஓடரில் அந்த வரிக்கு நிறம் என்ற இடத்தில் "அதே கலர்" என்று மட்டும் கடையில் எழுதியிருந்தார்கள். மூடியைத் தட்டைத் தகட்டிலிருந்து மடித்த பையன் இருப்பில் கிடந்த வேறு சுருளின் கருஞ்சிவப்பை எடுத்துவிட்டார். பெயரும் அதே, பார்வைக்கும் அதே. சனிக்கிழமை உச்சி வெயிலில் முகட்டில் வைத்தபோது சற்று மண்ணிறம் கலந்த கோடாக நின்றது. தங்கை கையில் இருந்த பாதித் துண்டை ஓடாவியார் மேலே கொண்டுபோய்ப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினார். வாக்குவாதம் ஒன்றும் நடக்கவில்லை. கடை அதே சுருளின் மிச்சத்திலிருந்து 6 மூடியையும் புதிதாக மடித்து மூன்று நாளில் கொடுத்தது, செலவு கடையுடையது. அந்த மூன்று நாளும் முகட்டைத் தறப்பாள் போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஒரு நாள் இரவு மழையும் பெய்தது, ஒழுகவில்லை.

எழுத்தில் வாங்கிய உறுதி வாடிக்கையாளரைக் கட்டுவது போலக் கடையையும் கட்டும். இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின்படி, மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பதிவைச் சட்டம் ஏற்காமல் விட முடியாது, ஆகவே வட்ஸ்அப்பில் எழுதியதும் எழுத்துதான். இந்த வழக்கில் அது நீதிமன்ற வாசலுக்குப் போகத் தேவைப்படவில்லை. யாருடைய பிழை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்ததே போதுமாக இருந்தது.

மாற்றியவை

கடை ஓடர்க் கொப்பியில் அடிக்கும் அங்குலத்துக்கும் தனித்தனிப் பெட்டி வரைந்தது. புள்ளி வைக்க இடமில்லை. மில்லிமீற்றரை அடியும் அங்குலமும் சேர்ந்த மொத்த அங்குலத்திலிருந்து, 25.4 ஆல் பெருக்கித்தான் எடுக்கிறார்கள். வாடிக்கையாளருக்குப் போகும் செய்தியில் அவர் சொன்ன எண் இருப்பதில்லை, மெசினுக்குப் போகும் எண்ணிலிருந்து திரும்ப மாற்றிய அடி, அங்குலம்தான் இருக்கும். இதைக் கொப்பியில் எழுதியவர் அல்லாமல் இன்னொருவர் மாற்ற வேண்டும் என்பதும் விதி. ஒரே ஆள் போகும்போதும் வரும்போதும் ஒரே பிழையை விட்டால் எண் பழையபடி 14.10 ஆகவே திரும்பி வந்து சேரும்.

நிறத்துக்கு "அதே கலர்" என்று எழுதுவது நின்றது. முகட்டு மூடி, ஓரத் தகடு, பீலி என ஒவ்வொரு வரிக்கும் சுருள் இலக்கம் எழுதப்படுகிறது. அந்தச் சுருளில் மிச்சம் போதுமா என்று பார்க்க முன் முற்பணம் வாங்குவதில்லை.

இன்னும் சரிவராத ஒன்று உண்டு. உறுதி வந்த பிறகு வீட்டுக்காரர் லொறிச் சாரதியிடமோ கடைப் பையனிடமோ வாயால் சொல்லும் மாற்றம். "இன்னும் ரெண்டு சீற் சேத்து ஏத்துங்கோ" என்று வழியில் சொன்னது கொப்பிக்கு வந்து சேராத சம்பவம் இதன் பின்னும் ஒரு தடவை நடந்தது. இப்போது சாரதியின் போனிலிருந்தே அந்த வரியைக் கடை இலக்கத்துக்கு எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். பாதிப் பேர்தான் அனுப்புகிறார்கள்.